தலையைக் காட்டு, விலையைச் சொல்கிறேன்

எங்கள் வீட்டில் எந்தச் சாமான் வாங்குவதாக இருந்தாலும் அதற்கு ஒரு நடைமுறை உண்டு. முதலில் நான் அதைப் பற்றி ராப்பகலாகப் படிப்பேன். பழைய டைரியில் குறிப்பு எடுப்பேன். சாப்பிடும்போது எல்லோருக்கும் விளக்குவேன். பிறகு ஒரு நாள் என் மனைவி கடைக்குப் போய்த் தனக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். மிக்ஸி, இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் இப்படி வந்தவைதான். வாஷிங் மெஷின் மோட்டாரில் எத்தனை வகை என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் மெஷினில் எந்தப் பட்டனை அமுக்கினால் ஓடும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆகவே பிளஸ் டூ முடித்த பையன் எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்று சொன்னபோது வீட்டில் யாரும் செலவைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான் படிக்க ஆரம்பித்துவிடுவேனே என்பதுதான் கவலை. "அப்பா, நீங்க எதுவும் பண்ண வேணாம், பணம் மட்டும் குடுங்க" என்றான். பெற்ற தகப்பனிடம் பிள்ளை பேசுகிற பேச்சா இது?

எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள ஒரே உறவு, தேசிய கீதம் பாடினால் எழுந்து நிற்பது. மத்தபடி எது பாட்டு, எது ட்யூனிங் என்பதே எனக்குப் பிடிபடாது. ஆனால் கிட்டார் விஷயத்தில் ஒரு வசதி இருப்பதைப் படிக்கப் படிக்கக் கண்டுகொண்டேன். அதை வாசிக்கத்தான் காது வேண்டும். எந்த ஊர் சரக்கு, எந்த வகை, என்ன பெறும் என்று சொல்ல கண் இருந்தால் போதும். கண் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பாங்க்கில் முப்பது வருஷம் கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்து ரூபாய் நோட்டைத் தடவித் தடவியே ரிட்டயர் ஆனவன் நான்.

இந்த நேரம் பார்த்து மைத்துனனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் மொட்டை மாடியில் சாய்ந்து நின்று ஒரு கிட்டாரைக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே மைத்துனன் எழுதியிருந்தான்: "அத்தான், ஒரிஜினல் கிப்சன் லெஸ் பால். எங்க ஆபீஸ் பையன். கனடா போறான். எண்பத்தஞ்சாயிரம்தான். விட்டா போச்சு."

விட்டால் போச்சு என்று என் மைத்துனன் சொன்ன விஷயங்களின் பட்டியல் பெரிது. அதில் ஈமு கோழியும் உண்டு. எனவே நிதானமாகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பையனின் முகம் தெளிவாக இருந்தது. செருப்புக்கூடத் தெளிவாக இருந்தது. கிட்டாரின் தலை மட்டும் படத்துக்கு வெளியே போயிருந்தது.

இங்கே கிட்டாரின் உடம்பையும் தலையையும் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டு மேஜையில் இதைச் சொல்ல ஆரம்பித்ததும் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. நீங்களாவது இருங்கள்.

எலெக்ட்ரிக் கிட்டார் ஆயிரம் விதம் இருந்தாலும், தெருவில் பார்ப்பவற்றில் பாதிக்கு மேல் மூன்று உருவங்களின் வாரிசுகள். ஒரு பக்கம் மட்டும் வெட்டு விழுந்த தட்டையான பலகை என்றால் அது டெலிகாஸ்டர் வம்சம். ஃபெண்டர் கம்பெனி 1950-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் கொம்பு நீண்டு, விளிம்பெல்லாம் வழித்துவிட்டு வயிற்றோடு ஒட்டி உட்கார்ந்தால் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதே ஃபெண்டர், 1954. ஒரு பக்கம் மட்டும் வெட்டு, ஆனால் உடம்பு தடிமனாக, முன்பக்கம் லேசாக மேடு தட்டி, கையில் எடுத்தால் தோள்பட்டை பேசுகிறது என்றால் லெஸ் பால். கிப்சன் கம்பெனி 1952-இல் விட்டது. படத்தில் இருந்தது சந்தேகமில்லாமல் மூன்றாவது வகை.

"அப்ப கிப்சன்தானே?" என்றாள் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. உடம்பு வம்சத்தைச் சொல்லும். பெற்றவர் யார் என்று சொல்லாது. இந்த உருவங்களை உலகம் முழுக்க எல்லோரும் செய்கிறார்கள். ஃபெண்டர் தன்னுடைய உடம்பு வடிவங்களை அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கேட்டபோது, இத்தனை வருஷம் எல்லோரும் செய்துவந்ததை இப்போது உன்னுடையது என்று எப்படிச் சொல்வது என்கிற மாதிரி 2009-இல் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் தலை விஷயம் வேறு. கிட்டார்க்காரர்கள் ஹெட்ஸ்டாக் என்று சொல்கிற அந்த நுனிப் பலகை, தந்தியை முறுக்கும் சாவிகள் இருக்கிற இடம், அதைத்தான் கம்பெனிகள் உயிராகக் காக்கின்றன. கிப்சனின் முதலாளியாக இருந்த நார்லின், ஜப்பானிய ஐபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றவர்கள் மேல் 1977-இல் போட்ட வழக்கு தலையின் வடிவத்துக்காகத்தான். ஒழுங்கான கம்பெனி எதுவாக இருந்தாலும் உடம்பைப் பார்த்துச் செய்யும், தலையை மட்டும் தன் இஷ்டப்படி வெட்டிக்கொள்ளும். அடுத்தவன் தலையையும் பெயரையும் சேர்த்தே ஒட்டிக்கொண்டிருந்தால் அது போலி.

ஆகவே தலையில்லாத படத்தை அனுப்பி ஒருவன் விலை சொல்கிறான் என்றால், நாம் முதலில் கேட்க வேண்டியது தலையை. "தலை தெரியற மாதிரி, முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் நேரா வச்சு எடுத்து அனுப்பச் சொல்லு" என்று மைத்துனனுக்கு எழுதினேன். அரை மணியில் படம் வந்தது. இந்த முறை பையனின் தலை முன்னாலும் பின்னாலும் தெளிவாக வந்திருந்தது.

நேரில் போவது என்று முடிவாயிற்று. வேளச்சேரியில் ஒரு மூன்றாவது மாடி. மகன் கூட வந்தான், நான் ஏதாவது பேசிவிடாமல் பார்த்துக்கொள்ள. மைத்துனன் வந்தான், கமிஷன் இல்லை என்று மூன்று முறை சொல்லிக்கொண்டு. நான் ஒரு பை எடுத்துக்கொண்டேன். அதில் என் படிக்கும் கண்ணாடி, பூதக்கண்ணாடி, டார்ச், சிறிய ஸ்க்ரூடிரைவர், டைரி. "அப்பா, நாம கிட்டார் பாக்கப் போறோம், போஸ்ட்மார்ட்டத்துக்கு இல்ல" என்றான் மகன்.

கனடாப் பையன் தங்கமானவன். காபி கொடுத்தான். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தான். தேன் நிறம், ஓரம் மங்கிய சிவப்பு. நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கிட்டாரைத் தொடுகிறேன் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், வெகு நாள் பழகியவனைப்போல் அதன் கழுத்தைப் பிடித்தேன். "அங்கிள், தலைகீழா இருக்கு" என்று அவன் மெதுவாகத் திருப்பி வைத்தான்.

தலையைப் பார்த்தேன். முன்பக்கம் கறுப்பு. ஒரு பக்கம் மூன்று சாவி, மறுபக்கம் மூன்று சாவி. இது கிப்சன் வழக்கம். ஃபெண்டர் என்றால் ஆறும் ஒரே பக்கம் வரிசையாக நிற்கும், பலகையும் கழுத்தோடு ஒரே தளத்தில் நேராகப் போகும். கிப்சன் தலை அப்படி நேராக நிற்காது, பின்னால் சாயும்; பதினேழு டிகிரி என்பது அவர்கள் பழைய கணக்கு. மேல் விளிம்பு நடுவில் குழிந்து இரு பக்கமும் வளைந்து எழும். திறந்து வைத்த புத்தகம் என்றே அதற்குப் பெயர். மடியில் இருந்ததிலும் குழிவு இருந்தது. ஆனால் ராத்திரியெல்லாம் அசல் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவனுக்கு அது கொஞ்சம் ஆழம் குறைவாகவும், இரு முனைகளும் சற்றுக் கூராகவும் பட்டது. பட்டது என்பதெல்லாம் சாட்சி ஆகாது. பார்த்ததும் சந்தேகம் வந்த நோட்டை உடனே கிழித்துவிட முடியுமா? வெளிச்சத்தில் காட்ட வேண்டும், தடவ வேண்டும், அப்புறம்தான் ஆளைப் பார்க்க வேண்டும்.

தலையின் கீழ்ப்பகுதியில், தந்திகள் கழுத்துக்குள் இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே, மணி வடிவத்தில் ஒரு சின்னஞ்சிறு மூடி இருக்கும். கட்டைவிரல் அளவுதான். அதன் கீழேதான் கிட்டாரின் ரகசியம். ஆறு தந்தி இழுக்கிற இழுப்பில் மரக் கழுத்து வளைந்துவிடாமல் இருக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள். அதை முறுக்குகிற முனை இந்த மூடிக்கு அடியில். கிப்சனின் மூடியை இரண்டு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும், மேலே ஒன்று கீழே ஒன்று. நான் பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினேன். கண்ணாடி இல்லாமலும் எண்ணினேன். மூன்று.

"மூணு இருந்தா நல்லதுதானே அத்தான், கெட்டியா இருக்கும்" என்றான் மைத்துனன்.

மூடியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் அது. உடைந்து போய் யாராவது வேறு மூடி போட்டிருக்கலாம். அதனால் மூடியைக் கழற்ற அனுமதி கேட்டேன். கனடாப் பையன் என்னை விட என் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்து அதிகம் பயந்தான். என் மகன் அதைப் பிடுங்கி, மூன்று ஸ்க்ரூவையும் பக்குவமாகக் கழற்றி ஒரு தட்டில் வைத்தான். டார்ச் அடித்தேன். அசலில் அங்கே ஒரு பித்தளை நட்டு தெரியும். ஆறு பட்டை, வெளியிலிருந்து குழாய் ஸ்பேனர் போட்டுத் திருப்புகிற மாதிரி. இங்கே தெரிந்தது ஒரு குழிக்குள் ஒளிந்திருந்த இரும்பு முனை. நடுவில் ஆறு மூலை ஓட்டை, அல்லன் சாவி நுழைக்க. மூடியை மாற்றலாம். கழுத்துக்குள் ஓடுகிற கம்பியை யாரும் பொழுது போகாமல் மாற்ற மாட்டார்கள்.

நான் டைரியில் எழுதினேன். கேஷ் கவுண்ட்டரில் செய்கிற மாதிரியே முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பின்னால் நின்ற மைத்துனன் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டதால் அதில் பிரயோசனம் இல்லாமல் போயிற்று.

அடுத்து முதுகு. கிப்சன் கழுத்து ஒரே மகாகனி மரத்தில், தலையும் சேர்ந்தே செதுக்கியது. சில வருஷங்களில் மூன்று நீளப் பட்டைகளை ஒட்டிச் செய்ததும் உண்டு. தலை அகலமாக வேண்டும் என்பதற்காக இரண்டு ஓரத்திலும் சிறு துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். எப்படியிருந்தாலும் மரக்கோடு கழுத்திலிருந்து தலைக்குத் தடையில்லாமல் ஓட வேண்டும். மடியில் இருந்த கிட்டாரில், தலை வளையத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், மரத்தின் குறுக்கே மெல்லிய ஒரு கோடு போனது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மரத்தின் ரேகை ஒரு திசை, அந்தப் பக்கம் வேறு திசை. தலையைத் தனியாகச் செய்து சாய்வாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

இதை மட்டமான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மரத்தை மிச்சப்படுத்துகிற, உறுதியான முறைதான். சொல்லப்போனால் ஒரே மரத்தில் சாய்த்துச் செதுக்குகிற அசல் கிப்சனுக்குத்தான் அந்த இடம் பலவீனம். ரேகை அங்கே குறுக்காக வெட்டுப்படுகிறது. போதாததற்கு கம்பியின் நட்டுக்காக அதே இடத்தில் குழியும் தோண்டியிருக்கிறார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒரு முறை பின்பக்கமாக விழுந்தால் தலை வேறு, கழுத்து வேறு. அதனால் நிஜக் கிப்சன் வாங்கப் போகிறவர் அந்த இடத்தில் மயிரிழை விரிசலோ, பெயிண்ட் தொட்டு மறைத்த தடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடைந்து ஒட்டின கிப்சன் வாசிக்க நன்றாகவே இருக்கலாம். விலை மட்டும் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும்.

இப்போது நம்பருக்கு வந்தோம். தலையின் பின்பக்கம் ஒன்பது இலக்கம்: 017160532. மைத்துனன் இதற்காகவே காத்திருந்தவன்போலப் பாய்ந்தான். "அத்தான், சீரியல் நம்பர் இருக்கு. அப்புறம் என்ன?"

இந்த நம்பரைப் படிப்பது ஒரு சுகமான வேலை. 2005-க்கு நடுவில் கிப்சன் தொடங்கிய ஒன்பது இலக்கக் கணக்கில், முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருஷம். இடையில் இருக்கிற மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. மீதி, அன்றைய வேலையின் வரிசை. 0-வும் 6-ம் சேர்ந்து 2006. நடுவில் 171. விரல் விட்டு எண்ணி, பிப்ரவரிக்கு இருபத்தெட்டு போட்டு, மே முடிய 151 என்று கூட்டி, ஜூன் 20 என்று அறிவித்தேன். அறை அமைதியாயிற்று. கனடாப் பையன் என்னை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தான். வாழ்க்கையில் இப்படிப்பட்ட நிமிஷங்கள் எனக்கு அடிக்கடி வருவதில்லை என்பதால் கொஞ்ச நேரம் அதை அனுபவித்தேன்.

"நாள் நட்சத்திரத்தோட சொல்லிட்டீங்க, அப்ப அசல்தான்" என்றான் மைத்துனன்.

நம்பர் சரியாக இருப்பதால் அசல் ஆகிவிடாது. கள்ள நோட்டிலும் நம்பர் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒரே நம்பர் பத்து நோட்டில் இருக்கும் என்பதுதான் வித்தியாசம். போலிக் கிட்டார் செய்கிறவன் எங்கேயோ ஓர் அசலின் நம்பரைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். பார்க்க வேண்டியது நம்பரை அல்ல, அது எப்படிப் பதிந்திருக்கிறது என்பதை. அசலில் எண்களையும், கீழே அமெரிக்காவில் செய்தது என்ற வரியையும் மரத்தில் அழுத்திப் பதிப்பார்கள். மேலே வார்னிஷ் பூசியிருந்தாலும் நகத்துக்குப் பள்ளம் தட்டுப்படும். கிப்சனின் கஸ்டம் ஷாப்பில் செய்கிற பழைய மாடல் மறுபதிப்புகளில் மையால் எழுதுவது உண்டு, ஆனால் அவற்றின் எண் முறையே வேறு. நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அந்த எண்கள் மேல் ஓட்டினேன். முப்பது வருஷம் காந்தியைத் தடவிய விரல். வழவழவென்று போயிற்று. மேலே அச்சடித்த மஞ்சள் மை.

பின்பக்க மூடியைத் திறந்து உள்ளே வயரிங் பார்க்க வேண்டும் என்று டைரியில் அடுத்த வரி இருந்தது. வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற பாகம் அசலில் பெரிய நாணயம் அளவு இருக்கும், மலிவானவற்றில் சின்ன பட்டன் அளவு. பார்க்கவில்லை. அதற்குள் அந்தப் பையனின் முகம் வாடிவிட்டது. காலேஜில் சீனியராக இருந்த ஒருவனிடம் அறுபதாயிரம் கொடுத்து வாங்கினானாம். மூன்று மாதச் சம்பளம் என்றான். தலையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து வாங்கியிருக்கிறான். பெயர்தான் கிட்டாரில் மாற்றுவதற்கு மிகச் சுலபமான பாகம். ஒரு ஸ்டிக்கர் போதும். கொல்கத்தாவில் கிவ்சன் என்று ஒரு கிட்டார் வெகு காலமாக வருகிறது. அது யாரையும் போல வேஷம் போடுவதில்லை, தன் பெயரைத் தானே ஒழுங்காக எழுதிக்கொள்கிறது. அதைக் கிப்சன் என்று வாசிப்பவர் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"அப்ப இதோட நியாயமான விலை என்ன அங்கிள்?"

இதற்கு நான் தயாராக வந்திருந்தேன். ஆனால் எண்பத்தைந்தாயிரம் என்பது எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தொகையே ஒரு துப்பு. லெஸ் பால் ஸ்டாண்டர்ட் புதிதாக அமெரிக்காவில் இரண்டாயிரத்து எண்ணூறு டாலர் சுமாருக்கு விற்கிறது. நம் ஊருக்கு வந்து சேரும்போது இரண்டரை லட்சத்துக்குக் குறையாது. நன்றாக வைத்திருக்கிற பழையதற்கு ஒன்றரை லட்சமாவது கேட்பார்கள். இன்னொரு பக்கம், கிப்சனுக்கே சொந்தமான எபிஃபோன் என்ற கம்பெனி அதே லெஸ் பாலை ஆசிய ஊர்களில் செய்து, எபிஃபோன் என்று தன் பெயரையே தலையில் போட்டு விற்கிறது. 1957 முதல் அந்தக் கம்பெனி கிப்சன் வீட்டுப் பிள்ளைதான். அதன் ஸ்டாண்டர்ட் மாடல் புதிதாக ஐம்பத்தைந்து, அறுபதாயிரம் சுமார். பழையதற்கு முப்பதிலிருந்து நாற்பது. ஆக எண்பத்தைந்தாயிரம் என்பது அசல் கிப்சனுக்கு நம்ப முடியாத மலிவு, புது எபிஃபோனுக்கும் அதிகம். இரண்டுக்கும் நடுவே யாரும் குடியிருக்காத இடத்தில் ஒரு விலை வந்து நின்றால் அதன் பின்னால் ஒரு கதை இருக்கும். ஆள் கனடா போகிறான் என்பதும் கதைதான், ஆனால் உண்மைக் கதைக்கும் டிஸ்கவுண்ட்டுக்கு ஓர் எல்லை உண்டு.

பழைய கிட்டாருக்கு நான் வைத்திருக்கிற கணக்கு சாதாரணம். அதே மாடல் இன்று புதிதாக என்ன விலை என்று பார்ப்பது. நல்ல நிலையில் இருந்தால் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. பிறகு ரிப்பேருக்கு ஆகிறதைக் கழிப்பது. விற்கிறவர்கள் கேட்கிற விலையைப் பார்த்துப் பயனில்லை, அது அவரவர் ஆசை. விற்றுப்போன விலையைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கிட்டாருக்கோ மாடலே கிடையாது. அப்படியானால் பெயரை ஒதுக்கிவிட்டு, இதே உருவத்தில், இதே தரத்தில், பிரபலமில்லாத கம்பெனி ஒன்றின் கிட்டார் புதிதாக என்ன விலை என்று பார்க்க வேண்டும். பதினெட்டாயிரம் சுமார். பாதி என்றால் ஒன்பது, மூன்றில் இரண்டு என்றால் பன்னிரண்டு.

அதற்குள் என் மகன் கிட்டாரை வாங்கி ஆம்ப்ளிஃபையரில் சொருகி, ஒவ்வொரு தந்தியாக ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயும் கரகரக்கவில்லை என்றான். கழுத்தை ஒரு கண்ணால் நேர் பார்த்தான். பிக்கப் மாற்றுகிற சுவிட்சை ஆட்டினால் மட்டும் சரசரவென்று சத்தம். வால்யூம் குமிழ் ஒன்றும் அப்படியே. அதைச் சரி செய்ய ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. இதெல்லாம் என் டைரியில் இல்லை. எங்கே கற்றான் என்று கேட்டேன். "வாசிக்கறவங்க கிட்ட கேட்டேன்பா" என்றான். இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பன்னிரண்டிலிருந்து ரிப்பேரைக் கழித்துப் பத்தாயிரத்து ஐந்நூறு என்றேன். மைத்துனன் என்னை வெளியே கூப்பிட்டு, "எண்பத்தஞ்சு சொன்ன பொருளுக்குப் பத்தரையா? நான் ஆபீசுக்குப் போக வேணாமா?" என்றான். ஆனால் கனடாப் பையன் யோசித்துவிட்டுப் பத்தாயிரத்துக்கே சம்மதித்தான். வேறு யாரிடமாவது கிப்சன் என்று சொல்லி விற்க அவனுக்கு மனசில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே ஐந்நூறைச் சேர்த்துக் கொடுத்தேன். எனக்கு அந்தக் கிட்டார் வேண்டாம் என்றுதான் இருந்தது. மகனுக்கு அதன் கழுத்து கைக்கு அடக்கமாக இருக்கிறதாம். பெயரை என்ன செய்வது என்றேன். மேலே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவானாம்.

நாளைக்கு யாராவது இதைக் கிப்சன் என்று மறுபடியும் விற்றுவிடக் கூடாதே என்று, டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ரசீது எழுதினேன். பழக்க தோஷம்: "தலையில் கிப்சன் என்று எழுதப்பட்டதும், மூன்று ஸ்க்ரூ மூடி உடையதும், குறுக்கு ஒட்டுள்ள கழுத்தை உடையதும், கிப்சன் அல்லாததுமான எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று, பெட்டியுடன், ரூபாய் பத்தாயிரத்து ஐந்நூறு மட்டும்." ஐயாயிரத்துக்கு மேல் ரொக்கம் பெற்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். என் பர்ஸில் அது எப்போதும் இருக்கும். எச்சில் தொட்டு ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினேன்.

கனடாப் பையன் பேனாவை வாங்கிக்கொண்டு, ரசீதை முழுதும் படித்துவிட்டு, என் பூதக்கண்ணாடியை எடுத்து ஸ்டாம்ப்பின் மேல் வைத்தான்.

"இது அசல்தானே அங்கிள்?"